மங்கலாய் எரியும் எல்.இ.டி.

ஆர்டுயினோ ஊனோ பலகையின் 8ஆம் எண் துளையில் 330 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு சிவப்பு எல்.இ.டி. செருகியிருக்கிறது. நிரலில் `PORTB` ரெஜிஸ்டரின் 0ஆம் பிட்டுக்கு 1 எழுதியாயிற்று. எல்.இ.டி. எரியத்தான் செய்கிறது, ஆனால் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் எல்.இ.டி.யைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். வேறொன்றைக் கழற்றி மாட்டினாலும் அதே மங்கல்தான்.

காரணம், பலகையில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் டேட்டாஷீட்டில் ஒரே ஒரு படத்தில் இருக்கிறது. பல நூறு பக்க ஆவணம் அது. ஆனாலும் சிப்பின் கால்களைப் பற்றிய அத்தியாயத்தில் ‘General Digital I/O’ என்ற தலைப்போடு வரும் பிளாக் டயகிராமைப் படிக்கத் தெரிந்தால் இந்த விஷயத்துக்குப் போதும்.

படத்தின் இடது ஓரத்தில் `Pxn` என்று ஒரு சிறு சதுரம் இருக்கும். அதுதான் வெளியே நாம் கம்பி செருகும் கால். `x` என்பது போர்ட்டின் எழுத்து, `n` என்பது பிட்டின் எண். ஊனோவின் 8ஆம் துளை போய்ச் சேருவது `PB0` என்ற காலில். ஆகவே `x` இருக்கும் இடத்தில் B, `n` இருக்கும் இடத்தில் 0. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும் தடித்த கோடு, சிப்பின் மூளையிலிருந்து வரும் டேட்டா பஸ். பலர் அங்கிருந்து தொடங்கிக் கோடுகளுக்குள் தொலைந்துபோகிறார்கள். காலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவதே சுலபம்.

காலைப் பார்த்தபடி ஒரு முக்கோணம் இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு கோடு நுழைகிறது, விலாவில் இன்னொன்று. அடிப்பக்கக் கோடு சொல்வது காலுக்குப் போகவேண்டிய மதிப்பு, 0 அல்லது 1. விலாவில் வருவது மதகைத் திறக்கும் கை மாதிரி: அது 1 ஆக இருந்தால்தான் அந்த மதிப்பு வெளியே போகும், 0 என்றால் முக்கோணம் காலை விட்டு விலகிக்கொள்ளும்.

விலாக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் `DDxn` என்ற ஃபிளிப்-ஃபிளாப் பெட்டி வரும். அடிப்பக்கக் கோடு போய் முடிவது `PORTxn` பெட்டியில். தேடிய இரண்டு ரெஜிஸ்டர்களும் கிடைத்துவிட்டன: திசையைத் தீர்மானிப்பது `DDRB`, வெளியீட்டைத் தீர்மானிப்பது `PORTB`. இரண்டு பெட்டிகளிலும் `RESET` கோடு நுழைவதையும் கவனிக்கலாம். சிப் விழிக்கும்போது இரண்டும் 0 என்பதே அதன் பொருள். அதாவது எல்லாக் கால்களும் உள்ளீடாகத்தான் தொடங்குகின்றன.

நமது நிரலில் `PORTB` மட்டும் மாறியது. `DDRB` தொடக்கத்தில் இருந்த 0 ஆகவே நின்றது. மதகு மூடியிருக்கிறது. அப்படியானால் எல்.இ.டி. எரியவே கூடாதே?

படத்தில் காலுக்கு மேலே ஒரு டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் இருக்கின்றன. அதுதான் புல்-அப். அதை இயக்கும் கேட்டுக்கு `PORTxn`, `DDxn`, `PUD` மூன்றும் வந்து சேர்கின்றன. திசை 0, வெளியீடு 1, `PUD` 0 என்று அமைந்தால் புல்-அப் இயங்கும். அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோ ஓம் வரை. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 3 வோல்ட், அதற்கு 0.06 முதல் 0.15 மில்லி ஆம்பியர்தான் ஓடும். 330 ஓம் வழியாக முறையாக ஓடவேண்டியது ஏறக்குறைய 9 மில்லி ஆம்பியர். மங்கல் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெளிவு. திருத்தம் ஒரே வரி, இங்கே முதல் வரியாக:

```c
DDRB  |= (1 << 0);
PORTB |= (1 << 0);
```

வெறும் `=` போடாமல் `|=` போடுவதற்கான காரணமும் அதே படத்தில்தான். `DDxn` பெட்டியின் கடிகார முனைக்கு வரும் `WDx` குறியில் `n` கிடையாது. அந்தப் போர்ட்டின் எல்லாக் கால்களுக்கும் அது பொது என்று படத்தின் கீழேயே குறிப்பு உண்டு. எழுதினால் எட்டு பிட்டும் ஒன்றாக எழுதப்படும். `DDRB = 1` என்று எழுதினால், பக்கத்துக் கால்கள் அத்தனையும் சத்தமில்லாமல் உள்ளீடாகிவிடும்.

இந்தப் படம் சொல்லாததும் ஒன்று உண்டு. ஊனோவின் 1ஆம் துளை `PD1`. சீரியல் தொடர்பில் அனுப்பும் கால் அதுதான். அனுப்பும் பகுதியை இயக்கிவிட்டால் `DDRD` என்ன சொன்னாலும் அந்தக் கால் வெளியீடுதான். அதைப் புரிந்துகொள்ள, சில பக்கங்கள் தள்ளி ‘Alternate Port Functions’ பகுதியில் வரும் இன்னொரு படத்தைப் பார்க்கவேண்டும். அதே பெட்டிகள்தாம், ஆனால் `DDxn` பெட்டிக்கும் முக்கோணத்துக்கும் நடுவே `DDOExn` என்ற குறியால் இயங்கும் ஒரு தேர்வி புகுந்திருக்கும். `PORTxn` கோட்டிலும் அப்படியே ஒன்று, `PVOExn`. ரெஜிஸ்டரில் சரியாக எழுதியும் கால் பேச்சைக் கேட்கவில்லை என்றால், அந்தக் காலுக்கு வேறு எந்த வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பகுதியின் அட்டவணைகளில் தேடவேண்டும்.