செயலி சொல்லும் தவணையும் ஷோரூம் சொல்லும் தவணையும்

ஸ்கூட்டரின் ஆன்ரோடு விலை 1,10,000 ரூபாய். முன்பணம் 20,000 போக, 90,000 ரூபாய்க்கு மூன்று வருடக் கடன். ஷோரூமில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர், “வட்டி வெறும் 10 பர்சென்ட்தான் சார், மாசம் 3,250 கட்டினா போதும்” என்கிறார். வாங்க வந்தவர் தன் கைபேசியில் உள்ள கடன் கணக்கிடும் செயலியில் அதே 90,000, அதே 10 சதவீதம், அதே 36 மாதம் என்று தட்டிப் பார்க்கிறார். அது காட்டும் தவணையோ 2,904 ரூபாய்தான்.

இரண்டு பேருமே கூட்டல் கழித்தலில் தவறு செய்யவில்லை. செயலி, ஒவ்வொரு மாதமும் அசல் குறையக் குறைய, மீதி இருக்கும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடுகிறது. ஃபைனான்ஸ்காரர் சொன்னது ‘ஃபிளாட் ரேட்’. அதில் 90,000-க்கு வருடம் 9,000 வீதம் மூன்று வருட வட்டி 27,000 ரூபாயை முதலிலேயே அசலோடு சேர்த்து, 1,17,000-ஐ 36 ஆல் வகுத்துவிடுவார்கள். கடைசி வருடத்தில் அசலில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். ஆனாலும் வட்டி முழு 90,000-க்கும் ஓடிக்கொண்டிருக்கும். நிலுவை முறையில் பார்த்தால் இந்தப் ‘பத்து பர்சென்ட்’ கிட்டத்தட்ட 18 சதவீதம்.

அதோடு முடிந்துவிடுவதில்லை. பிராசசிங் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி., ஆவணக் கட்டணம், கடனுக்கான காப்பீடு எல்லாம் சேர்த்து 4,500 ரூபாயைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கைக்கு வந்த கடன் 85,500. தவணை மட்டும் அதே 3,250. இதன் உண்மை வட்டியை எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ ஒரே வரியில் பார்த்துவிடலாம்:

```
=RATE(36,-3250,85500)*12
```

விடை சுமார் 21.65 சதவீதம். தொகை, வட்டி, காலம் என்று மூன்றே கட்டங்கள் உள்ள சாதாரணச் செயலியில், பிடித்தம் செய்த 4,500-ஐ எழுத இடமே இருக்காது.

இந்த உண்மை வட்டிக்கு ஆண்டுச் சதவீத விகிதம், சுருக்கமாக ஏ.பி.ஆர்., என்று பெயர். சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் இதைக் கணக்கிட்டு, முக்கிய விவரங்களின் அறிக்கையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2024 அக்டோபர் 1 முதல் தரும் புதிய கடன்களுக்கு இது கட்டாயம். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அந்த அறிக்கை இருக்க வேண்டும். யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும். அதில் குறிப்பிடாத கட்டணத்தை வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கவும் கூடாது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிட விரும்புகிறவர் இந்த இரண்டு அறிக்கைகளின் ஏ.பி.ஆரை அருகருகே வைத்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடு.

ஒப்பீட்டுச் செயலிகள் முதல் வரியில் காட்டும் ‘8 சதவீதம் முதல்’ என்பதில் கவனிக்க வேண்டிய சொல் ‘முதல்’தான். சிபில் மதிப்பெண்ணும் வருமானச் சான்றும் நன்றாக உள்ளவருக்கான வட்டி அது. மற்றவருக்கு எவ்வளவு என்பது விண்ணப்பித்த பிறகே தெரியும். செயலிக்குக் கடன் நிறுவனங்களிடமிருந்து கமிஷன் வருகிறதா என்பதும் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

வீட்டுக் கடனில் விடுபடுவது வேறு. அங்கே பெரும்பாலும் நிலுவை முறைதான். அதனால் செயலியின் தவணை வங்கியின் தவணையோடு ஒத்துப்போகும். ஆனால் இன்றைய வட்டி இருபது வருடமும் மாறாது என்று செயலி வைத்துக்கொள்கிறது. மாறும் வட்டிக் கடன்கள் பலவும் ரெப்போ விகிதத்தோடு பிணைக்கப்பட்டவை. அந்த விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதம்; 2023 பிப்ரவரியில் 6.5.

30 லட்சம் ரூபாய், 7 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை 23,259 ரூபாய். ஒரு வருடம் கட்டிய பிறகு நிலுவை சுமார் 29.29 லட்சம். அப்போது வட்டி 9.5 ஆகிறது என்று கொள்வோம். மாத வட்டி மட்டுமே ஏறக்குறைய 23,185 ரூபாய். பழைய தவணையையே கட்டினால் அசலில் கழிவது எழுபத்து நான்கு ரூபாய்! கடன் முடிய இன்னும் அறுபது வருடம் ஆகும். மீதி 19 வருடத்திலேயே முடிக்க வேண்டுமென்றால் தவணை சுமார் 27,790 ஆக உயரும்.

முன்பு பல வங்கிகள் வாடிக்கையாளரைக் கேட்காமலே காலத்தை நீட்டிவிட்டன. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு விதி வகுத்தது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்பதை இப்போது வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம். கடன் கேட்கும் முன்பே அதே செயலியில் வட்டியை 2.5 கூட்டி இன்னொரு முறை தட்டிப் பார்க்கலாம். அதில் வரும் தொகையையும் சம்பளத்தில் தாங்க முடியுமா என்பதை வைத்துக் கடன் தொகையை முடிவு செய்யலாம்.