அரிசி என்னும் ஒரு சொல்: ஆட்படல் தரவுகளில் வகைப்பிழை

நம் தோட்டப்புறச் சமையலறைகளில் "அரிசி" என்ற சொல் தனியே நின்று பொருள் தருவதில்லை. சோற்றுக்குப் புழுங்கல், பொங்கலுக்கும் இடியப்பத்துக்கும் பச்சரிசி என்று பிரித்தே சொல்வோம். கோலசிலாங்கூரிலும் அம்பாங் பெச்சாவிலும் மூத்த தாய்மார் எவரைக் கேட்டாலும் இந்த வேறுபாட்டைத் தயங்காமல் விளக்குவர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டு மருத்துவர்களை அலைக்கழித்த வினா ஒன்று இந்த வேறுபாட்டுக்குள்தான் மறைந்திருந்தது. நோயாய்வில் "அளவீட்டுப் பிழை" எனப்படுவது யாது, அது முடிவை எத்திசையில் தள்ளும் என்பவற்றை விளக்க, அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதலில் இரு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒருவர் உண்பது, மூச்சில் இழுப்பது, தொழிலில் தொடுவது ஆகியவற்றுள் நோய்க்குக் காரணமாகலாம் என ஐயுறப்படுவதற்கு அவர் உட்படும் நிலையை "ஆட்படல்" என்கிறேன். நூல்களில் "வெளிப்பாடு" என்ற சொல் வழங்குகிறது. மொழியியலார்க்கு அது வேறு பொருள் தருமாதலின் தவிர்க்கிறேன். ஆட்பட்டோர்க்கும் ஆட்படாதோர்க்கும் நோய் ஒரே அளவில் வந்தால், முன்னதைப் பின்னதால் வகுக்கக் கிடைப்பது 1. வேறுபாடே இல்லாத அந்த நிலையை "இன்மை" எனக் கொள்வோம். முடிவு இன்மையை நோக்கி நகர்ந்தால் உண்மையான உறவு மங்குகிறது. இன்மையை விட்டு விலகினால் உறவு மிகைப்படுகிறது, அல்லது இல்லாத உறவு தோன்றுகிறது.

இனி வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பல்லாயிரவரைத் தாக்கியது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் ஓய்ந்து இறந்தவர்களுள் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். தமிழர்க்கு இந்நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கூர்ந்து நோக்கி, 1907இல் நூலாகவே எழுதினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. கிராமத்து மலாய்க்காரர் தம் நெல்லைத் தாமே குத்தி உண்டனர்; அவர்களுக்கும் நோய் அரிது. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் எண்ணினார். நஞ்சு என்ற விளக்கம் பிழை. அரிசியைச் சுட்டியது சரி.

அவருடைய சான்றில் ஒரு தளர்ச்சி இருந்தது. யார் எந்த அரிசி உண்டார் என்பதை அவர் பெரும்பாலும் இனத்தைக் கொண்டே அறிந்தார். "தமிழர்" என்ற சொல் "புழுங்கல் உண்பவர்" என்பதற்குப் பதிலாள் ஆயிற்று. பதிலாள் எப்போதும் முழுமையாகப் பொருந்துவதில்லை. கடையில் புழுங்கல் தீர்ந்த மாதத்தில் தமிழரும் வெள்ளை அரிசி வாங்கியிருப்பர்.

இப்பிழை என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. வெள்ளைப் பச்சரிசி உண்போர் 1,000 பேர். அவருள் 300 பேர்க்கு நோய். புழுங்கல் உண்போர் 1,000 பேர். அவருள் 30 பேர்க்கு நோய். உண்மையான விகிதம் 10. இப்போது தோட்டக் கிராணியார் ஒருவர் பதிவேடு எழுதுகிறார். யார் நோயாளி என்பது அவருக்குத் தெரியாது. ஆயினும் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தில் ஒருவரை மாற்றி எழுதிவிடுகிறார். பதிவேட்டில் "பச்சரிசி" எனப்பட்ட 1,000 பேரில் 800 பேர் உண்மையில் பச்சரிசிக்காரர், அவருள் நோயாளர் 240. மற்ற 200 பேர் புழுங்கல்காரர், அவருள் நோயாளர் 6. ஆக 246. "புழுங்கல்" எனப்பட்டோரில் அவ்வாறே 24 பேரும் 60 பேரும் சேர்ந்து 84. இப்போது 246ஐ 84ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 2.9.

பத்து மடங்கு மூன்று மடங்குக்கும் கீழாகச் சுருங்கிவிட்டது. கிராணியார் எவர் பக்கமும் சாயவில்லை. நோயாளரையும் நலமுள்ளோரையும் ஒரே அளவில் தவறாக எழுதினார். இதை "வேற்றுமை பாராத பிழை" எனலாம். இரண்டே வகைகள் இருந்து, பிழை நோயைப் பொருட்படுத்தாமல் நேரும்போது, முடிவு சராசரியாக இன்மையை நோக்கியே நகரும். பாலில் தண்ணீரும் தண்ணீரில் பாலும் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒத்துவருவது போலத்தான். பாதிப்பேரை மாற்றி எழுதியிருந்தால் விகிதம் சரியாக 1 ஆகி, உறவே இல்லை என்று ஆய்வாளர் அறிவித்திருப்பார். "சராசரியாக" என்றதை மறக்கலாகாது. சிறிய ஆய்வொன்றில் தற்செயலாக எண் எதிர்ப்பக்கமும் போகலாம். ஆகவே "பிழை இருந்தும் இவ்வளவு தெரிகிறதென்றால் உண்மை இதைவிடப் பெரிதுதான்" என்று ஒரே ஆய்வைக் கொண்டு அறுதியிட்டுச் சொல்வோர் அவசரக்காரர்.

பிழை நோயைப் பார்த்து நேர்ந்தால் நிலைமை வேறு. ஓர் உணவுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று கொள்வோம். நோயாளர் 200 பேர், நலமுள்ளோர் 200 பேர். இரு பக்கத்திலும் சரிபாதியினர், அதாவது நூறு நூறு பேர், அவ்வுணவை உண்டவர்கள். மருத்துவர் ஒவ்வொருவரிடமும் விசாரிக்கிறார். நோயில் கிடப்பவர் "எதனால் இது வந்தது" என்று நாள்தோறும் எண்ணிப் பார்ப்பவர். உண்டதை ஒன்றுவிடாமல் சொல்கிறார். நலமுள்ளவர்க்கு அந்தக் கவலை இல்லை. உண்ட நூறு பேரில் முப்பது பேர் மறந்து "இல்லை" என்கின்றனர். நோயாளருள் உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் உள்ள தகவு 100க்கு 100. நலமுள்ளோரில் அது 70க்கு 130. முதல் தகவைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 1.9. குற்றமற்ற உணவின்மீது நோயை இருமடங்காக்கும் பழி விழுந்துவிட்டது. நோயாளர் நாணத்தால் மறைக்கும் பொருளாயின், கள்ளோ சாராயமோ போல, பிழை எதிர்த்திசையிலும் இழுக்கும். இந்த "வேற்றுமை பார்க்கும் பிழை" எத்திசையில் தள்ளும் என்பதை, யார் எதை ஏன் மாற்றிச் சொல்கிறார் என்று அறியாமல் கூறவியலாது.

இப்பின்னணியில்தான் கோலாலம்பூரில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் செய்தது சிறப்புப் பெறுகிறது. 1905 டிசம்பரில் அவர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை வரிசையாக நிற்கவைத்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கட்டடத்தில் தங்கிச் சயாம் வெள்ளை அரிசியைத் தொடர்ந்து உண்டனர். இரட்டைப்படை எண்ணினர் எதிர்க் கட்டடத்தில் இந்தியப் புழுங்கலரிசியை உண்டனர். வெள்ளை அரிசிக்காரர் சுமார் 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல்காரர் சுமார் 123 பேரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. இருவர்க்கு மட்டுமே நோய் இருந்தது, அதுவும் வந்து சேரும்போதே இருந்தது. இன்றைய அறநெறி இதற்கு இடந்தராது. ஒப்புதல் தர இயலாதோர்மீது நடந்த சோதனை இது. ஆனால் ஆட்படலைப் பொறுத்தவரை இங்கே பதிலாளும் இல்லை, நினைவும் இல்லை. சுவருக்குள் இருந்தவர் தட்டில் என்ன விழுந்ததென்பது நேரே தெரிந்தது. பின்னர் பிரேசரும் ஸ்டேன்டனும் நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் காட்டுப் பகுதியில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வைத் தொடர்ந்ததற்கும் அந்த இடத்தின் ஒதுக்குப்புறத் தன்மை உதவியது. வேறு கடை இல்லாத இடத்தில் வேறு அரிசி கலப்பது கடினம்.

மூன்றாவது பிழை மொழியியலாளனாகிய என்னை நெடுநாள் ஈர்த்தது. தமிழ் அரிசியை வேகவைத்ததா இல்லையா என்று கொண்டு இரண்டாகப் பிரிக்கிறது. நோயோ அவ்வாறு பிரிப்பதில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பின்னர் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. வேகவைக்காத நெல்லை உரலில் குத்தினால் தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டியிருக்கிறது. ஆலையில் தீட்டிய பச்சரிசியில்தான் இரண்டும் இல்லை. மலாய்க்காரர் உண்ட கைக்குத்தலும் சயாம் வெள்ளை அரிசியும் நம் வழக்கில் "பச்சரிசி" என்ற ஒரே பெயரைப் பெறும்; ஒன்று காக்கும், ஒன்று கொல்லும்.

ஆய்வாளர் மூன்று வகையாகவே பிரிக்க முயல்கிறார் என்று கொள்வோம்: புழுங்கல் 1,000 பேர், கைக்குத்தல் 1,000 பேர், ஆலைப் பச்சரிசி 1,000 பேர். முதல் இரண்டிலும் 30 பேர்க்கு நோய், மூன்றாவதில் 300 பேர்க்கு. பெயர்க் குழப்பத்தால் ஆலைப் பச்சரிசிக்காரர் 200 பேர் "கைக்குத்தல்" என எழுதப்படுகின்றனர். நோயைப் பார்த்து அல்ல. ஐந்தில் ஒருவர், அவ்வளவே. அவர்களோடு 60 நோயாளர் வந்து சேர, கைக்குத்தல் வரிசையில் 1,200 பேருக்கு 90 நோயாளர். நூற்றுக்கு 3ஆக இருந்தது 7.5 ஆகிறது. புழுங்கலோடு ஒப்பிட, கைக்குத்தல் 2.5 மடங்கு தீங்கானது என்று முடிவு வரும். உண்மை விகிதம் 1. வேற்றுமை பாராத பிழை இன்மையை நோக்கியே தள்ளும் என்ற விதி இங்கே உதவவில்லை. வகைகள் இரண்டுக்கு மேற்பட்டவுடன், அடுத்த வகையின் சுமை நடுவகையின் தலையில் ஏறிவிடுகிறது.

பிரேசரும் ஸ்டேன்டனும் இதற்குக் கண்ட வழி பெயரை விடுத்து அளவை நாடியது. அரிசியில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு நூற்றுக்கு 0.4க்குக் குறைந்தால் அது ஆபத்தான அரிசி என்று வரையறுத்தனர். எந்த இனத்தார் உண்டது, எந்தப் பெயரால் விற்றது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஆயினும் பாஸ்பரஸ் நோயைத் தடுப்பதன்று. தவிட்டில் அதனோடு உடனுறைவது. காக்கும் பொருளான தயமினைப் பத்தாவியாவில் ஜான்சனும் டோனத்தும் 1926இல்தான் பிரித்தெடுத்தனர். மேலும் மூட்டையில் அளந்தது தட்டில் இருப்பதில்லை. பலமுறை களைந்து கஞ்சியையும் வடித்தால் தயமினில் பெரும்பகுதி நீரோடு போய்விடும்.

அளக்க இயலாத இடத்தில் சிலரையேனும் நேரில் சரிபார்த்து, பதிவேடு எத்தனை விழுக்காடு சரி என்று கண்டு, கணக்கைப் பின்னோக்கித் திருத்தலாம். நம் கிராணியார் எடுத்துக்காட்டில் நோயாளர் மொத்தம் 330. பதிவேட்டில் பச்சரிசி எனப்பட்டோர் 246. பதிவேடு 80 விழுக்காடு சரி எனில், 330இல் ஐந்திலொரு பங்காகிய 66ஐ 246இலிருந்து கழித்து, எஞ்சிய 180ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 300, உண்மை மீண்டுவிட்டது. ஆனால் சரிபார்த்தவர் 80க்குப் பதில் 75 என்று கண்டிருந்தால், அதே வழியில் பச்சரிசி நோயாளர் 327 பேர், புழுங்கல் நோயாளர் மூவர் என்று வரும். விகிதம் 10க்குப் பதில் 109. ஐந்து விழுக்காட்டுத் தவறு இவ்வளவு செய்யுமாதலின், திருத்திய எண்ணை மட்டும் அச்சிடாமல், 75, 80, 85 என்று வைத்துப் பார்த்த முடிவுகளையும் பக்கத்தில் அச்சிட வேண்டும்.