வெறும் 4.5 என்று எழுதினால் போதாது

பார்மசி மாணவர்களின் தேர்வில் இப்படி ஒரு கணக்கு வரும்: '60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு டோபமின் மருந்தை, எடையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் வீதம் ஒவ்வொரு நிமிடமும் செலுத்த வேண்டும். 200 மில்லிகிராம் மருந்து, சலைன் சேர்த்து மொத்தம் 50 மில்லிலிட்டராகக் கலக்கப்பட்டுள்ளது. சிரிஞ்ச் பம்ப் மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் செலுத்த வேண்டும்? (5 மதிப்பெண்)'

டோபமின், இறங்கிவிட்ட ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து. கணக்கில் பெருக்கலும் வகுத்தலும்தான் உண்டு. சிக்கல் அலகுகளில் இருக்கிறது. மருத்துவர் மைக்ரோகிராமிலும் நிமிடத்திலும் சொல்கிறார். மருந்துக் குப்பியில் மில்லிகிராம் என்று இருக்கிறது. பம்ப்பில் பதிவதோ மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கு.

ஆகவே படிப்படியாகப் போக வேண்டும். படிக்கு ஒரு மதிப்பெண். முதலில், நிமிடத்துக்குத் தேவையான மருந்து: 5 × 60 = 300 மைக்ரோகிராம். அடுத்து, மணிக்கு: 300 × 60 = 18,000 மைக்ரோகிராம். மூன்றாவதாக, அதை ஆயிரத்தால் வகுத்தால் 18 மில்லிகிராம். நான்காவதாக, கரைசலின் செறிவு: 200 ÷ 50, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம். கடைசியாக 18 ÷ 4 = மணிக்கு 4.5 மில்லிலிட்டர்.

ஒரு மாணவர் இரண்டாம் படியை மறந்துவிட்டால் விடை 0.075 என்று வரும். ஆனாலும் ஒன்று, மூன்று, நான்காம் படிகளின் முறை சரி என்பதால் 3 மதிப்பெண் கிடைக்கும். நிமிடத்தை மணியாக்குவதில்தான் அவர் தடுமாறுகிறார் என்பது ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். 0.075 மிகச் சிறிய எண் என்பதால் பார்த்தவுடனே சந்தேகம் வரும்.

சந்தேகமே வராத தவறுதான் ஆபத்தானது. மூன்றாம் படியில் வந்த 18-ஐயே விடை என்று எண்ணி, பம்ப்பில் 18 மில்லிலிட்டர் என்று வைத்துவிட்டால்? நோயாளிக்கு நிமிடத்துக்கு, கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் போகும்; சொன்னதைவிட நான்கு மடங்கு. அந்த அளவில் ரத்தக்குழாய்கள் இறுகும், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். அதனால்தான் அலகு இல்லாமல் வெறும் 4.5 என்று எழுதியவருக்குக் கடைசி மதிப்பெண்ணைக் கொடுக்கக் கூடாது.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, விடையிலிருந்து பின்னோக்கிப் போவது. 4.5 × 4 = 18 மில்லிகிராம்; அது 18,000 மைக்ரோகிராம்; 60 நிமிடத்தால் வகுத்தால் 300; 60 கிலோவால் வகுத்தால் 5. மருத்துவர் சொன்ன அளவு திரும்பக் கிடைத்தால் கணக்கு சரி.

பெரும்பாலும் மாணவர்கள் இதை எழுதிக் காட்டுவதில்லை, மதிப்பெண் இல்லாததால். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் சரிபார்ப்பையும் ஒரு படியாக்கி, அதற்கும் ஒரு மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.