எம் சைஸ், 38: உடம்பின் அளவா, உடுப்பின் அளவா?

ஈரோட்டில் மொத்த விலைக்குத் துணி எடுத்து, உள்ளூர் யூனிட்டில் தைக்கக் கொடுத்து, இன்ஸ்டாகிராமிலும் பெரிய விற்பனைத் தளங்களிலும் குர்தி விற்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். இப்படி விற்பவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவருடைய அளவு அட்டவணையில் "எம் – 38, எல் – 40, எக்ஸ்எல் – 42" என்று இருக்கிறது. 600 ரூபாய் குர்தி ஒன்று திரும்பி வந்தால் போகும் கூரியர், வரும் கூரியர், மறுபடி இஸ்திரி போட்டு மடித்துப் புது கவரில் வைக்கும் செலவு எல்லாம் அவர் தலையில்தான் விழும். லாபம் 120 ரூபாயாக இருந்து, திரும்பி வருவதற்கு 150 ரூபாய் செலவானால், அடுத்த ஒரு குர்தி விற்ற லாபம் முழுதாக அதற்கே போய்விடும்.

அந்த "38" உடம்பின் மார்புச் சுற்றளவா, தைத்த உடுப்பின் சுற்றளவா? அட்டவணையில் பதில் இல்லை. சிலர் முதல் பொருளிலும், சிலர் இரண்டாவது பொருளிலும் எழுதுகிறார்கள். வாங்குபவர் பெரும்பாலும் தன் உடம்பின் அளவு என்றே எடுத்துக்கொள்கிறார். உடுப்பே 38 அங்குலம் என்றால், 38 அங்குல மார்புள்ளவருக்கு அது தோலோடு ஒட்டி நிற்கும். கையைத் தூக்கினால் கைக்குழியில் இழுக்கும். தையல்காரர்கள் இதற்காகத்தான் "லூஸ்" விடுகிறார்கள். நெசவுத் துணியில் தைத்த நேர்வெட்டுக் குர்திக்கு மார்பில் 2 முதல் 3 அங்குலமாவது லூஸ் வேண்டும். பின்னலாடை இழுபடும் என்பதால் அதற்குக் குறைவாகவே போதும்.

"எம்" என்ற எழுத்தும் உதவுவதில்லை. ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல் ஆக இருக்கலாம். இந்தியர்களின் உடலமைப்புக்கென்று பொது அளவு முறை ஒன்றை உருவாக்க, ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலானவர்களை முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு அளக்கும் "இந்தியாசைஸ்" திட்டத்தை நிஃப்ட் நிறுவனம் மேற்கொண்டது. கடைத்தெருவில் இன்றும் ஆளுக்கொரு எம் இருப்பதால், சிறு விற்பனையாளர் தன் சரக்கைத் தானே அளந்து எழுத வேண்டியிருக்கிறது.

மொத்த வியாபாரி அனுப்பிய அட்டவணையை நகலெடுத்து ஒட்டினால் வேலைக்கு ஆகாது. கைக்கு வந்த உடுப்பையே அளக்க வேண்டும். இஸ்திரி போட்ட குர்தியை மேசையில் விரித்து, பட்டன் இருந்தால் போட்டு, இழுக்காமல் தட்டையாக வைத்துக்கொள்ள வேண்டும். கைக்குழிக்கு ஒரு அங்குலம் கீழே, ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை இஞ்ச் டேப் வைத்து, வரும் அளவை இரட்டிப்பாக்கினால் மார்புச் சுற்றளவு. அதேபோல இடுப்பும், சைடு ஓபன் தொடங்கும் இடத்தில் ஹிப்பும் எடுக்க வேண்டும். ஷோல்டர் அளவு ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை. கழுத்தை ஒட்டிய தோளின் உச்சியிலிருந்து கீழ் விளிம்பு வரை உயரம்.

பலரும் விட்டுவிடுவது கைச்சுற்று. மார்பு சரியாக இருந்தும் மேல்கை பிடிக்கிறது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. அட்டவணையில் அந்த ஒரு பத்தியைச் சேர்த்தால், மேல்கை பருமனானவர்கள் வாங்குவதற்கு முன்பே ஒரு சைஸ் கூட்டிப் போட்டுக்கொள்வார்கள். உள்தையலில் எவ்வளவு மார்ஜின் விட்டிருக்கிறது என்பதையும் எழுதலாம். பக்கத்துக்கு அரை அங்குலம் பிரித்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால், லேசாகப் பிடிக்கும் குர்தியைத் திருப்பி அனுப்பாமல் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு சைஸில் ஒரே ஒரு உடுப்பை அளந்தால் போதாது. அடுக்கி வெட்டும்போதும் தைக்கும்போதும் கால் அங்குலம், அரை அங்குலம் மாறும். சைஸுக்கு மூன்று உருப்படி அளந்து, "அரை அங்குலம் கூடக் குறைய இருக்கலாம்" என்று குறிப்பிட வேண்டும். மூன்றுக்கும் இடையே ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிழை அட்டவணையில் இல்லை. யூனிட்டில்தான் கேட்க வேண்டும்.

ஈரோட்டுக்காரரின் எம் குர்தி விரித்த நிலையில் 20 அங்குலம், அதாவது சுற்றளவு 40 என்று வைத்துக்கொள்வோம். லூஸுக்கு இரண்டைக் கழித்தால் 38 அங்குல மார்புக்குப் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் துணி சுருங்காத காட்டனா என்று பார்க்க வேண்டும். அதே துணியில் 50 செ.மீ. சதுரம் வரைந்து, வாங்குபவர் வீட்டில் துவைப்பது போலவே துவைத்து உலர்த்தி மீண்டும் அளந்தால் தெரிந்துவிடும். நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் ஒரு மாதிரியும் சுருங்கும் என்பதால் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அகலம் 48.5 ஆகியிருந்தால் 3 சதவீதச் சுருக்கம். 40 அங்குலக் குர்தி முதல் துவைப்பிலேயே 38.8 ஆகும், 38 அங்குல மார்புக்கு மிஞ்சும் லூஸ் ஒரு அங்குலம்கூட இல்லை. துணியை முன்கூட்டியே நனைத்துத் தைக்காதவரை, அந்த எம் குர்தி 36 முதல் 37 அங்குல மார்புக்குத்தான்.

எனவே அட்டவணையில் இரண்டு பத்திகள் வேண்டும்: "உங்கள் உடம்பின் மார்பளவு: 36–37", "தைத்த உடுப்பின் மார்பளவு: 40". கீழே ஒரு வரி: "உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய குர்தி ஒன்றை விரித்து, கைக்குழிக்குக் கீழே அளந்து இரட்டிப்பாக்கி, இந்த இரண்டாவது எண்ணோடு ஒப்பிடுங்கள்." உடம்பில் டேப் சுற்றி அளந்து பழகாதவருக்கும் இது எளிது. "அக்கா, எனக்கு எம் சரியா இருக்குமா?" என்று மெசேஜில் கேட்பவருக்கும் இதையே சொல்லலாம்.

அடுத்து விவரணை. "அழகான ஸ்டைலிஷ் காட்டன் குர்தி, பிரீமியம் குவாலிட்டி" என்பதை வைத்து வாங்குபவர் எதையும் முடிவு செய்ய முடியாது. கையில் தொட்டுப் பார்த்தால் தெரியக்கூடியதை எழுத்தில் சொல்வதுதான் விவரணையின் வேலை. இப்படி எழுதலாம்: "நெசவுக் காட்டன், இழுபடாது. லைனிங் இல்லை, வெளிர் மஞ்சளுக்கு உள்ளே ஸ்லிப் தேவைப்படும். நேர்வெட்டு, முழங்காலுக்குக் கீழே வரும். வலது பக்கம் ஒரு பாக்கெட். கைப்பட அச்சிட்ட பிளாக் பிரிண்ட், அச்சு இங்கொன்றும் அங்கொன்றும் சற்று விலகியிருக்கும். படத்தில் இருப்பவர் 5 அடி 4 அங்குலம், அணிந்திருப்பது எம்." உள்ளே தெரியும் என்பதை மறைத்து விற்றால் அந்த உடுப்பு திரும்பி வரத்தான் செய்யும்.

நிறத்துக்கு, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் ஃபில்டர் போடாமல் எடுத்த படம் ஒன்றாவது வேண்டும். ஃபோன் திரைக்குத் திரை நிறம் மாறும் என்பதால் எழுத்திலும் சொல்ல வேண்டும்: "மெரூன், பிரவுன் சாயலோடு, ரத்தச் சிவப்பு அல்ல."

இதனால் எல்லாம் நின்றுவிடாது. கேஷ் ஆன் டெலிவரியில் வாசலிலேயே வாங்க மறுப்பவருக்கும், எம், எல் இரண்டையும் வரவழைத்து ஒன்றைத் திருப்புபவருக்கும் அட்டவணை பெரிய தடையில்லை. அதனால் திரும்பி வரும் ஒவ்வொன்றுக்கும் சைஸ், பேட்ச், காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். எல்லா சைஸிலும் "சின்னதா இருக்கு" என்றால் உடலளவுப் பத்தியை ஒரு படி இறக்க வேண்டும். எக்ஸ்எல்லில் மட்டும் என்றால் அந்த சைஸின் பேட்டர்னை யூனிட்டில் சரிபார்க்க வேண்டும். ஒரே எம் சைஸை ஒருவர் சின்னது என்றும் இன்னொருவர் பெரியது என்றும் திருப்பினால், அந்த பேட்சில் மீதமிருப்பதை எடுத்து அளந்து பார்க்க வேண்டும்; உடுப்புகள் ஒரே அளவாக இருந்தால், அட்டவணையை வாங்குபவர்கள் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். புதுத் துணி வந்தால் 50 செ.மீ. சதுரம் மீண்டும் தண்ணீருக்குள் போக வேண்டும், அட்டவணையும் அதற்கேற்ப மாற வேண்டும்.