வெட்டுத்துணியில் கிடைத்த கட்டுரை

சிறுவயது நினைவு ஒன்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வயது முழுவதையும் எழுதிவிடுகிறார்கள். தோழி ஒருவர் தம் தீபாவளி நினைவை எழுதிக் காட்டினார். எண்ணெய்க் குளியல், அதிரசம், சரவெடி, எதிர்வீட்டுச் சண்டை, புதுத்துணிக்காகத் தையல்கடையில் காத்திருந்தது எனப் பக்கம் பக்கமாக ஓடியது. அந்தக் காலம் இனி வராது என்று முடித்திருந்தார். யாருடைய தீபாவளிக்குக் கீழேயும் ஒட்டிவிடக்கூடிய வரி அது. சொல்ல வந்தது இன்னும் அகப்படவில்லை என்பதற்கு அந்த ஒட்டும் தன்மையே அடையாளம்.

"இதுல எது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது?" என்று கேட்டேன். "தையல்கடைதான். மறுநாள் தையல்காரர் மக போட்டிருந்த பாவாடை சட்டைல கைப்பகுதி என் சட்டைத் துணி. நீலக் கட்டம்" என்றார் உடனே. எழுதியதில் அந்தக் கை இல்லவே இல்லை. கட்டுரைக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டாராம்.

நினைவு பெரும்பாலானவற்றை உதிர்த்துவிடும். இப்படி ஒன்றை மட்டும் நிறத்தோடு வைத்திருக்கிறது என்றால், அந்தக் குழந்தைக்கு அப்போது ஏதோ புரியாமல் போயிருக்கிறது. எழுத வேண்டியது அந்தப் புரியாத இடத்தைத்தான். அதனால் குளியலையும் வெடியையும் சண்டையையும் எடுத்துவிடச் சொன்னேன். தீபாவளிக்கு முந்தைய இரவும் மறுநாள் காலையும் மட்டும் மிஞ்சின.

பிறகு அந்த இரவுக்குள் போனோம். காஜா எடுக்கும் பையன் தூங்கி வழிகிறான். வந்தவர்கள் துணியை வாங்கும்போதே மிச்சத் துண்டையும் கேட்டு வாங்குகிறார்கள், ஒட்டுப்போட உதவும் என்று. தோழியின் அம்மா மட்டும் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்ன அளவைவிட அரை மீட்டர் கூடுதலாகத் துணி எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். "வளர்ற பிள்ளை, தாராளமா இருக்கட்டும்" என்பாராம். சட்டை என்னவோ ஒருநாளும் தாராளமாக இருந்ததில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே தோழி நிறுத்திவிட்டார். அந்த அரை மீட்டர் எங்கே போனது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வாங்குகிறவர் கை நீட்ட வேண்டியிராதபடி கொடுப்பதற்கு முன்கூட்டியே கணக்குப் போட வேண்டியிருக்கிறது; அம்மா அதைத் துணிக்கடையிலேயே போட்டுவிட்டார். இதுதான் கட்டுரை சொல்ல வந்தது. ‘உதவி செய்வது நல்லது’ என்று எழுதியிருந்தால் யாரும் மறுக்கமாட்டார்கள், யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரிந்திருக்காது. ‘நேராகக் கொடுத்தால் என்ன?’ என்று ஒருவராவது வாதாட இடமிருக்கும் கருத்துதான் கட்டுரையைத் தாங்கும்.

அடுத்த சிக்கல், அதை எங்கே வைப்பது? அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1940இல் வெளியிட்ட ‘தி பிக் ஸீ’ என்ற தன்வரலாற்றில் ‘சால்வேஷன்’ என்ற சிறு அத்தியாயம் இருக்கிறது. தேவாலயக் கூட்டத்தில் இயேசுவைப் பார்ப்பாய் என்று அத்தை சொன்னதைச் சிறுவன் அப்படியே நம்பிக் காத்திருக்கிறான். மற்றப் பிள்ளைகள் எழுந்து போகிறார்கள். கூட இருந்த இன்னொருவனும் அலுத்துப்போய் எழுந்துவிடுகிறான். இவனும் கடைசியில் எதையும் பார்க்காமலே எழுகிறான். இரவு போர்வைக்குள் அழுகிறான். இயேசுவைக் கண்டதால் அழுகிறான் என்று அத்தை நினைக்கிறாள். பொய் சொன்னதற்கும் இயேசு வராததற்கும் அவன் அழுகிறான் என்பது கடைசிப் பத்தியில்தான் வருகிறது. அதுவரை சிறுவனுக்குத் தெரிந்ததற்கு மேல் ஹியூஸ் அதிகம் சொல்வதில்லை. முழு எடையும் தன் மேல் விழுவதால் அந்தப் பத்தி தாங்கி நிற்கிறது.

தோழியும் அப்படியே செய்தார். அரை மீட்டரை முதல் பத்தியில் சாதாரணமாகச் சொல்லி நகர்ந்தார். மிச்சத் துண்டு கேட்கும் குரல்களை நடுவில் வைத்தார். நீலக் கட்டக் கை மறுநாள் காலையில் வருகிறது. சிறுமி அதைப் பார்த்து எரிச்சல்படுகிறாள், தன் துணி திருடு போனதாக நினைத்து. அந்த எரிச்சலை நீக்கிவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். அது இல்லாவிட்டால் அம்மா செய்தது வாசகருக்கு முன்பே தெரிந்துவிடும். பெரியவளான பிறகு வந்த அறிவைச் சிறுமியின் தலையில் ஏற்றுவதுதான் இவ்வகைக் கட்டுரைகளை அதிகம் கெடுக்கிறது.

கடைசியாக, அம்மாவிடமே கேட்டுவரச் சொன்னேன். அரை மீட்டர் உண்மைதான் என்றார் அம்மா, ஆனால் துணி நீலமில்லை, பச்சையாம். தோழி தாம் கண்ட நீலத்தை அப்படியே விட்டு, அம்மா பச்சை என்கிறார் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்.