ஒரு தாளில் ஒரு வாரம்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களே உருவாக்கிப் பராமரிக்கும் NUSMods தளத்தில், வாராந்தர வகுப்பு அட்டவணையைப் பிடிஎஃப் கோப்பாகப் பதிவிறக்கி ஒரே தாளில் அச்சிடலாம். அட்டவணையை நாமே வரைவதாக இருந்தால், முதலில் தாளை அளக்கவேண்டும்.

படுக்கைவாக்கில் வைத்த ஏ4 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர். ஓரங்களுக்கும் கிழமைகளுக்கும் 47 மில்லிமீட்டரை ஒதுக்கினால் 250 மிஞ்சும். காலை 8 முதல் மாலை 6 மணி வரை என்றால், ஒரு மணி நேரக் கட்டத்துக்கு 25 மில்லிமீட்டர் கிடைக்கும். பாடக் குறியீடும் அறை எண்ணும் அதில் அடங்கிவிடும். இரவு 9 மணிக்கு முடியும் ஒரே ஒரு வகுப்புக்காக அட்டவணையை நீட்டினால், எல்லாக் கட்டங்களும் ஏறத்தாழ 19 மில்லிமீட்டராகச் சுருங்கும். அந்த வகுப்பை மட்டும் அட்டவணைக்குக் கீழே தனி வரியாக எழுதுவது நல்லது.

இன்னொரு சிக்கல், அட்டவணை ஒரு வாரத்தை மட்டுமே காட்டுவது. சில டுட்டோரியல் வகுப்புகள் ஒற்றைப்படை வாரங்களில் மட்டும் நடக்கும். 6ஆம் வாரத்தை அடுத்து வரும் இடைவேளை வாரம் எண்ணிக்கையில் சேராது. அதையும் சேர்த்து எண்ணுபவர், 7ஆம் வாரத்தை 8 என நினைத்து வகுப்பைத் தவறவிடுவார். அதனால், அத்தகைய வகுப்பின் கட்டத்தில் ‘ஒற்றை வாரம்’ என்பதோடு தேதிகளையும் எழுதிவிடுங்கள்.