சைலன்சர் குழாயில் ஒரு மின்கலம்

பி.எஸ்.6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு வாங்கிய பெட்ரோல் பைக்கில், இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயை உற்றுப் பார்த்தால், ஸ்பார்க் பிளக் போன்ற ஒன்று திருகப்பட்டிருப்பது தெரியும். அதன் பெயர் ஆக்சிஜன் சென்சார். கார்களுக்கு இது புதிதல்ல. பாஷ் நிறுவனம் தயாரித்து 1976-லேயே வால்வோ காரில் பொருத்தப்பட்டுவிட்டது. வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை மின்னழுத்தமாக மாற்றிச் சொல்வது அதன் வேலை. சொல்லப்போனால் அது ஒரு மின்கலம்தான்.

மின்கலத்தின் வோல்ட்டேஜ் மாறாத ஒன்று என்றே பலரும் நினைக்கிறார்கள். பள்ளி ஆய்வகத்து டேனியல் மின்கலத்தையே எடுத்துக்கொள்வோம். துத்தநாகம் கரையும், தாமிரம் படியும். இரண்டு கரைசல்களும் ஒரே செறிவில் இருந்தால் 1.10 வோல்ட் கிடைக்கும். மின்னோட்டம் எடுக்க எடுக்கத் துத்தநாக அயனிகள் பெருகும், தாமிர அயனிகள் குறையும். இந்த இரண்டின் விகிதம்தான் இங்கே வினைக் குணகம், Q. அது கூடும்போது வோல்ட்டேஜ் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-ல் கணக்கிட்டுக் காட்டினார்:

E = E° − (RT/nF) ln Q

இதில் R, F இரண்டும் மாறிலிகள், T வெப்பநிலை, n கைமாறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. டேனியல் மின்கலத்தில் 25 டிகிரியில் Q பத்து மடங்கு கூடினால் 0.03 வோல்ட்தான் குறையும். நூறு மடங்கு கூடினாலும் 0.06. மின்கலம் அடியோடு ஓய்ந்துபோக Q சுமார் 10³⁷ ஆக வேண்டும்.

இவ்வளவு மெதுவாக இறங்கக் காரணம் மடக்கை. கரைசல் நீர்த்துப்போகும்போது அயனிகளுக்குப் பரவ இடம் கிடைக்கிறது. ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றாக நீர்த்தாலும், பத்தில் ஒன்றிலிருந்து நூறில் ஒன்றாக நீர்த்தாலும், கிடைக்கும் இடம் இரு முறையும் பத்து மடங்குதான். ஆற்றலில் ஏற்படும் மாற்றமும் இரு முறையும் ஒரே அளவு. பெருக்கலாக நடப்பது வோல்ட்டேஜில் கூட்டலாகத் தெரிகிறது.

சென்சார் இதையே பயன்படுத்திக்கொள்கிறது. உள்ளே சிர்கோனியா என்னும் பீங்கானாலான சிறு குப்பி இருக்கிறது. அதன் இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. வெளிப்புறம் புகை, உட்புறம் சாதாரணக் காற்று. நன்றாகச் சூடேறினால் ஆக்சைடு அயனிகள் இந்தப் பீங்கானுக்குள் நகரும். இருபக்கமும் ஒரே வாயு என்பதால் E° பூஜ்யம். ஆக, வோல்ட்டேஜ் முழுவதும் ஆக்சிஜன் அளவுகளின் விகிதத்திலிருந்தே பிறக்கிறது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான்கள். 700 டிகிரியில் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 0.048 வோல்ட்.

பெட்ரோல் குறைவாகப் போனால் புகையில் 2 சதவீதம் ஆக்சிஜன் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் 21 சதவீதம். விகிதம் ஏறக்குறைய பத்து, எனவே 0.05 வோல்ட். பெட்ரோல் அதிகமானால், மிஞ்சிய ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் பிளாட்டினத்தின் மேல் விழுங்கிவிடுகின்றன. அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் 10⁻²⁰ பங்கு அளவுக்குச் சரிகிறது. விகிதம் 2×10¹⁹, கிடைப்பது 0.93 வோல்ட். நடுவில், ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்னும் இடத்தில், வோல்ட்டேஜ் செங்குத்தாகத் தாவுகிறது. இன்ஜினின் கணினி 0.45 வோல்ட்டை எல்லையாக வைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

அதே மடக்கை இதன் குறையும் ஆகிறது. ஆக்சிஜன் 2 சதவீதமா 4 சதவீதமா என்பதற்குள் வித்தியாசம் 0.015 வோல்ட்தான். ஆகவே எந்தப் பக்கம் என்று இந்தச் சென்சார் திட்டமாகச் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது.

அது சரியாக அளந்தும் வண்டி ஏமாறலாம். குழாயில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்தால் வோல்ட்டேஜ் இறங்கும். கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும். பிளக் சரியாகப் பற்றாமல் போனாலும் இதே கதைதான், எரியாத ஆக்சிஜன் புகையோடு வந்துவிடுகிறது. சென்சாரை மாற்றுமுன் இந்த இரண்டையும் பார்ப்பது காசை மிச்சப்படுத்தும்.

சூடான இன்ஜினில் நல்ல சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால் அது இன்னும் சூடேறவில்லை, அல்லது பழுதாகிவிட்டது. சோதிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும், டெஸ்ட் பல்பு உதவாது. நெர்ன்ஸ்ட் சொன்ன வோல்ட்டேஜ் மின்னோட்டம் எடுக்காதபோது மட்டுமே கிடைக்கும். பல்பு மின்னோட்டத்தை இழுத்து அந்த அளவையே குலைத்துவிடும்.